இனிஷியல் உள்ள பெயருக்குச் செக், டிடி எழுதுவது எப்படி?

மார்த்தாண்டத்தில் கடை வாடகைக்கு எடுத்தபோது, அட்வான்ஸ் தொகைக்கு கடைக்கார அக்காவுக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அக்காவின் போன். "செக்கை பேங்க்ல எடுக்கல்ல தம்பி. ஒய் இல்ல, ஜேயாம். திருப்பித் தந்துட்டாவ" என்றார். தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. பெயரில் உள்ள ஒரே ஒரு எழுத்துதான் பிரச்சினை.

அவரை இங்கே செல்வராணி என்று வைத்துக்கொள்வோம் (உண்மைப் பெயர் அதுவல்ல). அப்பா பெயர் யேசுதாஸ். நம் மாவட்டத்தில் இதே பெயரை ஒருவர் ஒய் போட்டு எழுதுவார், பக்கத்து வீட்டுக்காரர் ஜே போட்டு எழுதுவார். நான் தமிழில் கேட்டதை வைத்து ஒய் என்று எழுதிவிட்டேன். அவர் கணக்கில் இருந்தது ஜே. இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கணவர் பெயர் வில்சன் என்பதால் கடை போர்டில் "டபிள்யூ. செல்வராணி" என்று எழுதியிருந்தது. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று இனிஷியல். இதில் எது சரி என்பதை அப்பா பெயரோ கணவர் பெயரோ முடிவு செய்வதில்லை, பாஸ்புக்தான் முடிவு செய்கிறது.

முதல் படி: கணக்கில் உள்ள பெயரைப் பார்ப்பது

"உங்க பேரு எப்படி எழுதணும்?" என்று போனில் கேட்காதீர்கள். தான் கையெழுத்துப் போடும் விதத்தைத்தான் யாரும் சொல்வார்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தையோ, ரத்து செய்த செக் ஒன்றையோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். செக் புத்தகத்தில் பெயர் அச்சாகியிருந்தால் அதுவே போதும். கணக்கு எண் தேவையில்லை, அதை விரலால் மறைத்துக்கொள்ளட்டும்.

யுபிஐ செயலியில் அவர் எண்ணைப் போட்டாலும் வங்கிப் பதிவில் உள்ள பெயர் வரும். ஆனால் அந்த எண் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கலாம். இரண்டு வங்கியில் இரண்டு விதமாகப் பெயர் உள்ளவர்கள் நிறையப் பேர். அதனால் செக்கை எந்தக் கணக்கில் போடப்போகிறார் என்று கேட்டு, அந்தப் பாஸ்புக்கையே பாருங்கள்.

பார்க்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? எத்தனை இனிஷியல்? அப்பா பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயரின் எழுத்தையும் வைத்துக்கொண்ட பெரியவர்கள் நம்மூரில் உண்டு, ஒன்றை விட்டுவிட்டால் ஆளே மாறிவிடும். மூன்றாவது, இனிஷியல் விரிந்து முழுப் பெயராகியிருக்கிறதா? பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அந்தப் பெயரை வைத்துக் கணக்கு தொடங்கியவருக்குப் பாஸ்புக்கிலும் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் எஸ். தங்கராஜாக இருக்கலாம்.

கல்யாணமான பெண்கள் என்றால் இன்னும் கவனம். கணக்கு கல்யாணத்துக்கு முன்பு தொடங்கியது என்றால் பெரும்பாலும் அப்பாவின் இனிஷியலே நிற்கும். கல்யாணப் பத்திரிகையையோ ரேஷன் கார்டையோ பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாம் படி: செக்கில் எழுதுவது

பாஸ்புக்கில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். அக்காவுக்கு நான் இரண்டாவது முறை எழுதிய செக்கில் பெயர் வரி இப்படி:

```
Pay  SELVARANI J-------------------------- or Bearer
```

திரு, திருமதி, டாக்டர் எதுவும் வேண்டாம். இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் வங்கி அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இனிஷியலை முன்பின்னாக எழுதினாலும் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். எழுத்து மாறினாலோ இனிஷியலே இல்லாமல் போனாலோதான் கவுண்டரில் நிறுத்துவார்கள். அதில் நியாயம் உண்டு. ஒரே கிளையில் நாலு செல்வராணிகள் இருக்கும்போது, அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒற்றை எழுத்துதான். ஆள் மாறிப் பணம் போனால், செக்கை வசூலுக்கு வாங்கிய வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

பெயருக்குப் பின்னால் இழுத்திருக்கும் அந்தக் கோட்டைப் பாருங்கள். அது அழகுக்கு அல்ல. இனிஷியல் கடைசியில் வரும் பெயரில், அந்த எழுத்துக்குப் பின் வெற்றிடம் விட்டால் அதை யாரும் ஒரு முழுச் சொல்லாக நீட்டிவிடலாம். ஜேக்குப் பின் மூன்று எழுத்துச் சேர்த்தால் ஜான் ஆகிவிடும், செக் "செல்வராணி ஜான்" என்ற வேறொருவருக்குப் போய்விடும். அதனால் கடைசி எழுத்தை ஒட்டியே கோடு தொடங்க வேண்டும். இனிஷியல் முன்னால் வரும் பெயர் என்றால் ஆபத்து இடது பக்கம்: அச்சிட்ட சொல்லை ஒட்டியே எழுதத் தொடங்குங்கள், இன்னொரு எழுத்து நுழைய இடம் இருக்கக் கூடாது. அப்புறம் "or Bearer" என்பதை அடித்துவிட்டு, இடது மூலையில் இரண்டு கோடு போட்டு "A/c Payee" என்று எழுதிவிடுங்கள்.

தமிழிலும் செக் எழுதலாம், அதற்குத் தடை இல்லை. ஆனால் கணக்குப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும்போது இனிஷியலில் குழப்பம் வரும். அருளப்பனின் மகன் தமிழில் "அ." என்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தை அப்படியே "ஏ." என்று எழுதுவார். ஞானதாஸ் என்றால் "ஞா."வா, "ஜி."யா? புதிதாக எழுதுபவர்கள் பாஸ்புக்கில் இருக்கிற மொழியிலேயே எழுதிவிடுவது நல்லது.

தப்பாக எழுதிவிட்டால்

அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது என்பதால், 2010 டிசம்பரிலிருந்து பெயரிலோ தொகையிலோ திருத்தம் உள்ள செக்கை அந்த முறையில் ஏற்பதில்லை. அந்தத் தாளைக் குறுக்கே அடித்து ரத்து செய்துவிட்டு, புதுத் தாள் எடுங்கள். 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எழுதி, பாசிட்டிவ் பே வசதியில் வங்கிக்கு முன்கூட்டியே விவரம் கொடுப்பவர்கள், செக்கில் உள்ள அதே எழுத்து, அதே வரிசையில் அங்கேயும் பெயரைப் பதியுங்கள்.

டிடி என்றால்

இங்கே பெயரை நீங்கள் எழுதுவது விண்ணப்பத் தாளில் மட்டும்தான். அச்சடிப்பவர் வங்கி ஊழியர். உங்கள் கையெழுத்தில் ஐ-யும் ஜே-யும் ஒன்றுபோலத் தெரிந்தால், அச்சிலும் தப்பாகவே வரும். அதனால் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுங்கள். கட்டம் போட்ட தாளாக இருந்தால் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும்.

டிடி கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், பாஸ்புக் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்போதே சொன்னால் பெரும்பாலும் ஊழியரே மாற்றித் தருவார். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால், அசல் டிடியோடு அதே கிளைக்குப் போய், ரத்து செய்யக் கடிதம் கொடுத்து, அதற்கான கட்டணமும் கட்டி, மறுபடி புது டிடி எடுக்க வேண்டும். பேனாவால் ஒரு எழுத்தைக்கூட நீங்கள் அதில் தொடக் கூடாது.

இரண்டாவது செக்கை அக்கா கையில் கொடுத்தபோது, இனிஷியலை மட்டும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். தொகையைப் பார்க்கவே இல்லை.