காய்ச்சலில் இறந்தவர் மலேரியாவில்தான் இறந்தாரா? வாய்மொழி உடற்கூறாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் எவரும் பார்க்காமல் ஒருவர் வீட்டிலேயே இறந்துவிட்டால், அவர் எதனால் இறந்தார் என்பதை அறிய எஞ்சியிருப்பது உடனிருந்தவர்களின் நினைவு ஒன்றுதான். அந்த நினைவை முறையான கேள்விகளால் திரட்டி, அதிலிருந்து இறப்புக்கான காரணத்தை ஊகிக்கும் முறைக்கு வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர். பயிற்சி பெற்ற களப்பணியாளர் துக்கம் சற்றுத் தணிந்த பிறகு அந்த வீட்டுக்குச் சென்று, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, வலிப்பு வந்ததா, கண் மஞ்சளித்ததா என்று கேட்டுப் பதிவு செய்கிறார். பிறகு மருத்துவர்கள் அதைப் படித்தோ, ஒரு கணினி முறை அதைக் கணக்கிட்டோ காரணத்தைத் தீர்மானிக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் இதற்கென உருவாக்கிய வினாத்தாள் பிறந்து நான்கு வாரத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கும், நான்கு வாரம் முதல் 11 வயது வரையுள்ளவர்களுக்கும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் தனித்தனியாக அமைந்துள்ளது.

இந்த முறை எல்லாக் காரணங்களையும் ஒரே அளவில் கண்டறிவதில்லை. சாலை விபத்து, நீரில் மூழ்குதல், பாம்புக்கடி போன்றவை பார்த்தவர் சொன்னாலே தெளிந்துவிடும். சிக்கல் காய்ச்சல் இறப்புகளில்தான் எழுகிறது. மலேரியா, டைபாய்டு, மூளைக்காய்ச்சல், நிமோனியா, குருதி நச்சேற்றம் ஆகியவற்றை வேறுபடுத்துவது மருத்துவப் பரிசோதனையே அன்றி வீட்டாரின் கண் அல்ல. ஆகவே முறையின் வரம்புகளும், அதைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறுகளும் மிகத் தெளிவாக வெளிப்படும் இடமாகிய மலேரியாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இதில் நன்கு அறியப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. இந்தியாவின் பத்து லட்சம் இறப்புகள் ஆய்வில், தேர்ந்தெடுத்த மாதிரிப் பகுதிகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதியும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கீழ் வந்த 2001 முதல் 2003 வரையிலான இறப்புகள் இம்முறையில் ஆராயப்பட்டன. ஒரு மாதம் முதல் 70 வயது வரையிலான 75,342 இறப்புகளில் 2,681, அதாவது 3.6 விழுக்காடு, மலேரியாவால் நேர்ந்தவை என வகைப்படுத்தப்பட்டன. இதை நாடு முழுமைக்கும் விரித்துப் பார்த்தபோது 70 வயதுக்குட்பட்டோரில் ஆண்டுக்குச் சுமார் 2,05,000 மலேரியா இறப்புகள் என்ற மதிப்பீடு 2010-இல் வெளியானது. அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஆண்டுக்குச் சுமார் 15,000 மட்டுமே. தனித்த அறிகுறிகள் உள்ள நோய்களுக்கே இம்முறை பொருந்தும், மலேரியாவுக்குப் பொருந்தாது என்று அந்நிறுவனம் மறுத்தது. ஆய்வாளர்களோ, மலேரியா என வகைப்படுத்தப்பட்ட இறப்புகளில் 86 விழுக்காடு எந்த மருத்துவ நிலையத்திலும் நிகழாதவை என்பதால் அரசுப் பதிவுகள் அவற்றைக் காணவே வாய்ப்பில்லை என்றனர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. ஏன் என்பதைக் கணக்கின் வழியாகப் பார்ப்போம்.

ஒரு பகுதியில் 1,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்றும், அவர்களில் உண்மையாகவே 40 பேர் மலேரியாவால் இறந்தவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நம் முறை மலேரியா இறப்புகளில் நூற்றுக்கு 60-ஐச் சரியாக இனம் காண்கிறது. மற்ற இறப்புகளில் நூற்றுக்கு 5-ஐ மட்டும் தவறுதலாக மலேரியா என்கிறது. கேட்பதற்கு இது மோசமான முறையாகத் தோன்றாது. ஆனால் 40 பேரில் 24 பேர் சரியாகச் சேர, எஞ்சிய 960 பேரிலிருந்து 48 பேர் தவறுதலாகச் சேர்கிறார்கள். பட்டியலில் மலேரியா இறப்பு 72 ஆகிறது. உண்மையைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு என்பது மட்டுமன்று, அந்த 72 பேரில் மூவருக்கு ஒருவரே உண்மையில் மலேரியாவால் இறந்தவர்.

முதல் தவறு இங்கிருந்தே தொடங்குகிறது. வாய்மொழி உடற்கூறாய்வு தரும் காரணத்தை ஒரு தனி மனிதருக்கான நோயறிதலாகக் கொள்வது கூடாது. அந்த முடிவைக் குடும்பத்தாரிடம் சென்று ‘உங்கள் அம்மா மலேரியாவில்தான் இறந்தார்’ என்று சொல்வதற்கும், இழப்பீடு கேட்கவோ மறுக்கவோ அதைச் சான்றாக்குவதற்கும் இம்முறையில் இடமில்லை. மருத்துவர்கள் இருவர் தனித்தனியே படித்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதும் இதற்கு விடையாகாது. இருவரும் படித்தது ஒரே வாக்குமூலத்தைத்தான். அதில் ‘குளிர் காய்ச்சல், நான்கு நாள், பிறகு நினைவிழப்பு’ என்று மட்டும் இருந்தால், இருவரும் ஒன்றுபட்டே தவறலாம். அவர்களின் உடன்பாடு வாசிப்பின் ஒழுங்கைக் காட்டுமே ஒழிய உண்மையின் அருகாமையைக் காட்டாது.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது. எண்ணிக் கூட்டிய விகிதத்தை அப்படியே மக்கள்தொகையின் விகிதமாக எழுதிவிடுவது. ‘தனி நபரில் பிழை இருக்கலாம், மொத்தத்தில் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்’ என்று சொல்வோர் பலர். மேலே கண்ட கணக்கில் தவறி வெளியேறியவர் 16 பேர், தவறி உள்ளே வந்தவர் 48 பேர், ஈடுசெய்யவில்லை. அரிதான காரணங்கள் பெரும்பாலும் வீங்கித் தெரியும், மிகுந்த காரணங்கள் சுருங்கித் தெரியும். அதே முறையை மலேரியா மிகுந்த வேறொரு பகுதியில், 1,000 இறப்புகளில் 200 உண்மையான மலேரியா இறப்புகள் உள்ள இடத்தில், பயன்படுத்துங்கள். 120 சரியாகவும், 800-இல் 40 தவறாகவும் சேர்ந்து 160 கிடைக்கும். உண்மையில் இவ்விரு பகுதிகளுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு இருக்க, நம் அட்டவணையில் அது இரண்டு மடங்கைச் சற்றே தாண்டித் தெரிகிறது.

இவ்விரு பகுதிகளையும் ஒரே பகுதியின் இரு காலங்களாகக் கொண்டால் விளைவு இன்னும் கடுமை. கொசுவலையும் மருந்தும் சென்று சேர்ந்து, மலேரியா இறப்பு 200-இலிருந்து 40-க்கு, அதாவது 80 விழுக்காடு குறைந்திருக்கிறது. அறிக்கையோ 160-இலிருந்து 72-க்கு, 55 விழுக்காடு குறைந்ததாகவே சொல்லும். ஒரு நல்ல திட்டம் தோற்றுவிட்டது என்று முடிவெடுக்க இந்த எண் போதும். இரு சுற்றுகளுக்கு இடையில் வினாத்தாளோ கணினி முறையோ மாற்றப்பட்டிருந்தால், குறைவு நோயினால் வந்ததா, முறையினால் வந்ததா என்பதையும் பிரித்தறிய முடியாது. பழைய சுற்றின் வாக்குமூலங்களைப் புதிய முறையிலேயே மீண்டும் கணக்கிட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

‘அப்படியானால் பிழையைக் கழித்துவிடலாமே’ என்று கேட்கலாம், கழிக்கலாம். பட்டியலில் கண்ட விகிதமாகிய 7.2-இலிருந்து தவறுதலாகச் சேரும் 5-ஐக் கழித்து, வரும் 2.2-ஐ 60-க்கும் 5-க்கும் உள்ள வேறுபாடாகிய 55 விழுக்காட்டால், அதாவது 0.55-ஆல் வகுத்தால் உண்மையான 4 விழுக்காடு கிடைத்துவிடும். கணக்கு அழகாக முடிகிறது. ஆனால் அந்த 5 என்ற எண் சரியாக இருக்க வேண்டும். அது உண்மையில் 3 என்றால் விடை 7.4 விழுக்காடு; 7 என்றால் 0.4 விழுக்காடு. இரண்டு புள்ளி இப்படியும் அப்படியும் நகர்ந்ததில் 1,000-க்கு 74 பேர் என்பது 4 பேராகிவிடுகிறது. இரண்டு லட்சமும் பதினைந்தாயிரமும் ஒரே நாட்டைப் பற்றி எழுத முடிந்ததில் எனக்கு வியப்பில்லை. காய்ச்சல் இறப்புகள் ஏராளமாக இருக்கும் இடத்தில், பிற காய்ச்சல்களிலிருந்து மலேரியாவுக்குள் கசிந்து வரும் அந்தச் சிறு பங்கு எவ்வளவு என்பதே முழு விடையையும் ஆள்கிறது. மருத்துவமனைப் பதிவை மட்டும் எண்ணுவது வீட்டில் இறந்தவர்களை விட்டுவிடுகிறது என்ற வாதமும் அதே அளவு வலுவானது. ஒரு முறையின் குறை மற்றதன் எண்ணைச் சரி என்று ஆக்கிவிடாது.

அந்தப் பங்கு எங்கிருந்து பெறப்படுகிறது என்று பார்த்தால் மூன்றாவது தவறு தெரியும். பெரும்பாலான சரிபார்ப்பு ஆய்வுகள், பரிசோதனையால் காரணம் உறுதியான மருத்துவமனை இறப்புகளை எடுத்து, அந்தக் குடும்பங்களிடம் வாய்மொழி உடற்கூறாய்வு செய்து ஒப்பிடுகின்றன. உறுதியான காரணம் வேறெங்கும் கிடைக்காது என்பதால் இது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மருத்துவமனையில் இறந்தவரின் மகன், ‘டாக்டர் மலேரியா என்று சொன்னார்’ என்று கேட்டுத் தெரிந்தவர்; வீட்டில் இறந்தவரின் மகனுக்குச் சொல்ல டாக்டர் இல்லை. முன்னவரிடம் கிடைத்த துல்லியத்தைப் பின்னவருக்கு அப்படியே ஏற்றுவது, முறையின் திறனை மிகைப்படுத்தும். அறிக்கையைப் படிக்கும்போது, துல்லியம் மருத்துவரின் சொல் இடம்பெற்ற பதில்களோடு கணக்கிடப்பட்டதா, அவற்றை நீக்கிக் கணக்கிடப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். இரண்டும் கொடுக்கப்பட்டிருந்தால், நீக்கிய எண்ணே வீட்டு இறப்புகளுக்கு நெருக்கமானது.

கணினி முறையைக் கையாள்வோர் கவனிக்காமல் விடும் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்டர்விஏ என்ற பரவலான முறையில், கணக்கைத் தொடங்கும் முன் அந்தப் பகுதியில் மலேரியா மிகுதியா, குறைவா, மிகக் குறைவா என்று நாமே குறிப்பிட வேண்டும். மிகுதி என்று குறித்தால் அதே வாக்குமூலங்கள் மலேரியாவை நோக்கிச் சாயும். அது குற்றமன்று, மருத்துவரும் இப்படித்தான் சிந்திக்கிறார். ஆனால் மிகுதி என்று நாமே இட்டுவிட்டு, பிறகு ‘மலேரியா மிகுந்த பகுதிகளிலேயே மலேரியா இறப்பும் மிகுதியாக வந்திருக்கிறது, ஆகவே முறை சரியாக வேலை செய்கிறது’ என்று வாதிடுவது, இட்டதையே திரும்ப எடுத்துக் காட்டுவதாகும். வாக்குமூலத்தின் மொழியைக்கொண்டு பகுதியை ஊகிக்கக்கூடிய மருத்துவர்கள் காரணம் எழுதும்போதும் இதே ஐயத்தை மனத்தில் கொள்ள வேண்டும்.

நேர்காணலில் நிகழும் தவறுகளில் ஒன்றைமட்டும் வலியுறுத்துகிறேன். வீட்டார் ‘தெரியவில்லை’ என்று சொன்னதைக் களப்பணியாளர் ‘இல்லை’ என்று குறித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு நடுவே அது சிறு விஷயமாகத் தோன்றுகிறது. கழுத்து விறைத்திருந்ததா என்பது தெரியாத ஒரு காய்ச்சல் இறப்பில் ‘இல்லை’ என்று எழுதினால், சில முறைகள் அதை மூளைக்காய்ச்சலுக்கு எதிரான சான்றாகவே எடுத்துக்கொண்டு, காய்ச்சலை மலேரியாவின் பக்கம் தள்ளிவிடும். ஒரு களப்பணியாளரின் படிவங்களில் ‘தெரியவில்லை’ என்ற பதிலே காணப்படாவிட்டால், அவரோடு அடுத்த வீட்டுக்கு மேற்பார்வையாளரும் செல்ல வேண்டும்.

காரணம் தீர்மானிக்க முடியாதவை என்று ஒதுங்கும் இறப்புகளையும் அவசரப்பட்டுப் பங்கிடக் கூடாது. அவற்றை மற்றக் காரணங்களின் விகிதத்திலேயே பிரித்துச் சேர்ப்பது, தெரியாதவர்களும் தெரிந்தவர்களைப் போலவே இறந்தார்கள் என்று கொள்வதாகும். தனியே வாழ்ந்த முதியவர், உடன் எவருமில்லாமல் இறந்தவர் ஆகியோரே இவ்வகையில் அதிகம் என்றால் அந்த அனுமானம் நிற்காது. அவர்களை ஒரு தனி வரியாக வெளியிடுவதே நேர்மை.

பிழையைத் திருத்தத் தேவையான அந்தச் சிறு எண்ணை வீட்டு இறப்புகளுக்கு நெருக்கமான இடத்திலிருந்து பெறும் வழி ஒன்று அண்மையில் உருவாகியிருக்கிறது. இறந்தவரின் உடலை அறுக்காமல், ஊசியால் உறுப்புகளிலிருந்து சிறு திசு மாதிரிகளையும் இரத்தத்தையும் எடுத்துப் பரிசோதித்துக் காரணம் காண்பது அது. மொசாம்பிக்கில் குழந்தை இறப்புகளின் வாய்மொழி உடற்கூறாய்வு முடிவுகளைத் திருத்த இத்தகைய மாதிரிகள் பயன்பட்டுள்ளன. ஆனால் அதற்கும் இறப்பு நேர்ந்து அதிக நேரம் கடக்கும் முன் குடும்பத்தின் சம்மதமும், குளிர்சாதன வசதியும், ஆய்வகமும் தேவை என்பதால், இவை கிடைக்கும் ஊர்களின் இறப்புகளே மாதிரியில் மிகுதியாக இடம்பெறும். அங்கிருந்து பெற்ற திருத்தத்தை எட்டாத ஊர்களுக்கு ஏற்றும்போது, மருத்துவமனைத் துல்லியத்தைப் பற்றி மேலே எழுப்பிய கேள்வியையே மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.