சேற்றுப்புண் வழியாக வரும் குளிர்காய்ச்சல்: யானைக்கால் வீக்கம் உள்ளவர் கால் கழுவும் முறை

பர்மாவில் பகோ பக்கம் வயல் வேலை பார்க்கும் என் சித்தப்பாவுக்கு இடது கால் வீங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மழை பிடித்துவிட்டால் மாதம் ஒருமுறை படுத்துவிடுவார். முதலில் அரையில் நெறி கட்டும். அப்புறம் உடம்பை உலுக்கும் குளிர், காய்ச்சல். கால் சிவந்து, கைலி உரசினால்கூடக் கத்துவார். நாலைந்து நாளில் தணியும், தோல் உரியும். வீக்கம் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் கூடி நிற்கும்.

“கொசு மறுபடி கடிச்சிருக்கு, புழு கிளம்பிடுச்சு” என்பார் சித்தி. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், யாங்கோனில் ஒரு மருத்துவர் அவர் காலைப் பார்க்காமல் கால் விரல்களை விரித்துப் பார்க்கும் வரை. நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் ஊறி, வெள்ளையாக, ஓரம் பிளந்து இருந்தது. சேற்றுப்புண். “காய்ச்சல் வர்ற வாசல் இதுதான்” என்றார்.

விஷயம் இதுதான். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, நூல் போன்ற புழுவின் குஞ்சுகளை உடம்புக்குள் விட்டுப் போகிறது. ஒரு கடியில் வந்துவிடுவதில்லை. பல மாதம், பல வருடம் கடி வாங்க வேண்டும். புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியிருந்து அதைக் கெடுத்துவிடுகிறது. நிணநீர் வடியாமல் காலில் தேங்குகிறது. தேங்கிய காலில் கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைந்துவிடும். அதனால் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சொறிந்த கீறல் என்று தோல் எங்கே திறந்திருந்தாலும் சாதாரண பாக்டீரியா உள்ளே புகுந்து காய்ச்சலைக் கிளப்புகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் குழாயை இன்னும் கெடுக்கிறது. புழுவை மாத்திரை பார்த்துக்கொள்ளும்; பர்மாவில் 2001-இல் தொடங்கி நோய் உள்ள வட்டாரங்களில் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் கெட்டுப்போன குழாயை மாத்திரை சரி செய்யாது. காய்ச்சலைத் தடுப்பது சோப்புதான்.

முதலில், ஆரம்பமா என்று பாருங்கள்

பொழுது சாயும்போது ஒரு கணுக்கால் தடித்து, செருப்பு வார் இறுக்கி, விடிந்ததும் வடிந்துவிட்டால் அது ஆரம்ப நிலை. கணுக்காலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளவெடுங்கள். இரவு ஒன்று, விடிகாலை ஒன்று. ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். காலையிலும் குறையவில்லை என்றால் அடுத்த நிலைக்குப் போய்விட்டது. இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். ஒரு கால் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அது ரத்தம் உறைந்த வீக்கமாக இருக்கலாம்.

இதே நோயில் ஆண்களுக்கு விரைப்பை வலியில்லாமல், தண்ணீர் நிரம்பிய பை போல மெல்ல மெல்லப் பெருக்கும். வெட்கப்பட்டுக் கைலிக்குள் மறைத்தே வருடங்கள் ஓட்டுவார்கள். குடலிறக்கமும் வெளியே அதே மாதிரிதான் தெரியும், மருத்துவர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். நீர் கோத்ததுதான் என்றால் அறுவை செய்து சரி செய்யலாம். ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்: திரும்பக் கோத்துக்கொள்ளும், கிருமியும் ஏறும். விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கழுவுவது இப்படி

இரண்டு வாளித் தண்ணீர், வாசனை குறைவான சாதாரணச் சோப்பு, மெல்லிய பழைய துணிகள் இரண்டு. குளத்துத் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். வெந்நீர் வேண்டாம், வீங்கிய தோலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துவிடும்.

வெளிச்சத்தில் உட்கார்ந்து முதலில் காலைப் பாருங்கள். குதிகால், நகக்கண், தோல் மடிப்பு, அப்புறம் ஒவ்வொரு விரலிடுக்கும். சித்தப்பாவுக்குக் குனிய முடியவில்லை. சித்திதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். கையைக் கழுவிவிட்டு, கையில் நுரை எடுத்து, முழங்காலிலிருந்து கீழே இறங்குங்கள். தேய்க்கும் பிரஷ், பீர்க்கங்கூடு எல்லாம் கூடாது, கீறிவிடும். விரலிடுக்கில் துணி முனையைச் செருகி மெல்ல இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். விழும் தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். இடுக்கில் தங்கும் சோப்பும் புண்ணாக்கும். விரை வீக்கம் இருந்தால் அங்கும் இதே முறைதான், மடிப்புகளை விரித்துக் கழுவ வேண்டும்.

நாங்கள் தவறியது துடைப்பதில். முதல் வாரம் துண்டால் அரக்கித் துடைத்தோம், இடுக்கை அப்படியே ஈரமாக விட்டோம். புண் ஆறவே இல்லை. துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், ஒவ்வொரு இடுக்கையும் தனியாக. துணியில் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தால்தான் கணக்கு. அப்புறம்தான் மருந்து: சேற்றுப்புண்ணுக்கு க்ளோட்ரிமசோல் களிம்பை மெல்லியதாக, காலையும் இரவும். புண் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை திரும்பும். மஞ்சள், தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, சாணி, சுண்ணாம்பு எதுவும் திறந்த புண்ணில் வேண்டாம். தடித்த தோலைப் பிளேடால் சீவும் பழக்கமும் வேண்டாம்.

கழுவுவது தினம் இரண்டு முறை நல்லது. முடியாவிட்டால் இரவு ஒரு முறையாவது. எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம்.

செருப்பு விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. இங்கே எல்லோரும் போடும் வெல்வெட் வார் செருப்பு பெருவிரல் இடுக்கை அறுக்கும். ஆறிய தோல் அங்கேதான் திரும்பப் பிளந்தது. பட்டை அகலமான, விரலிடுக்கில் வார் இல்லாத செருப்பு வாங்கிக் கொடுத்தோம். உட்காரும்போது காலை முக்காலியில் இடுப்பு உயரத்துக்கு நீட்டி வைத்தார். படுக்கையின் கால்மாட்டில் செங்கல் கொடுத்து உயர்த்தினோம். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. தினமும் சுவரைப் பிடித்து நுனிக்காலில் எழுந்து இறங்குவார், பத்துப் பதினைந்து தடவை.

காய்ச்சல் வந்துவிட்டால்

உடற்பயிற்சியை நிறுத்திப் படுக்க வேண்டும், காலை உயர்த்தி. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் சுற்றலாம், சூட்டு ஒத்தடம் கூடாது. நிறையத் தண்ணீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். அன்றே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்குங்கள். இரண்டு நாளில் வலி போய்விடும், மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்பே சொல்லிவிட வேண்டும். குழப்பம், வாந்தி, சீழ், மூச்சிரைப்பு இருந்தால் ஆஸ்பத்திரிதான்.

போன மழைக்குச் சித்தப்பாவுக்கு ஒரே ஒரு காய்ச்சல். நடவு வாரம், மூன்று நாள் களைப்பில் கால் கழுவாமல் படுத்திருக்கிறார். நாலாம் நாள் நெறி கட்டியது. சித்தி விரலை விரித்துப் பார்த்தார். அதே நாலாம் இடுக்கு, அதே வெள்ளை. இப்போது சோப்பும் துணியும் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கால் கழுவாமல் உள்ளே வந்தால் சோறு கிடையாதாம்.