லாபம் ஏறும்போதே பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

மண்டபம் பக்கம் நண்டை வேகவைத்துச் சதை எடுத்து விற்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கூலியை இறுக்கினால் அந்தக் காலாண்டில் லாபம் கூடும். ஆனால் கை பழகியவர்கள் விலகிவிடுவார்கள். புதியவர்கள் எடுக்கும் சதையில் ஓட்டுத் துணுக்கு கிடக்கும். வாங்குபவர் சண்டைக்கு வரமாட்டார், அடுத்த ஆர்டரை வேறிடம் கொடுத்துவிடுவார். லாபக் கணக்கில் இது தெரியவே மாதங்கள் ஆகும். 1992-இல் மேலாண்மை வல்லுநர்களான கப்லானும் நார்ட்டனும் முன்வைத்த பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்டு, லாபத்தோடு வாடிக்கையாளர், உள்வேலை, ஊழியர் திறன் மூன்றையும் ஒரே தாளில் வைப்பது இதற்காகத்தான்.

முதல் எண் வாடிக்கையாளர் தக்கவைப்பு. காலாண்டுத் தொடக்கத்தில் 40 வாடிக்கையாளர், முடிவில் 42. வளர்ச்சி மாதிரிதான் தெரியும். புதிதாக வந்த 8 பேரைக் கழித்தால் பழையவர்கள் 34. தக்கவைப்பு 34/40, அதாவது 85%. ஆறு பேர் சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள்!

இரண்டாவது எண் ஊழியர் விலகல். சராசரி 20 ஊழியர்களில் 5 பேர் விலகினால் விலகல் 25%. அந்த ஐவர் சதை எடுப்பவர்களா, லோடு ஏற்றுபவர்களா என்று பிரித்து எழுதுங்கள். மொத்த எண் மட்டும் ஏமாற்றும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பி வருபவர்களை விலகியவர் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒப்பிடுவதானால் போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.