ஃபயர்பாக்ஸ்: ஸ்டேபிளா, பீட்டாவா, இஎஸ்ஆரா? தேர்ந்தெடுக்கவும் மாறவும் ஒரு செய்முறை

ஃபயர்பாக்ஸ் தரவிறக்கப் பக்கத்தில் ஒரே உலாவிக்குப் பல வகைகள் இருக்கும்: எல்லாருக்குமான ஸ்டேபிள், அடுத்து வரப்போவதன் சோதனைப் பதிப்பான பீட்டா, Extended Support Release என்பதன் சுருக்கமான, நீண்ட நாள் மாறாமல் நிற்கும் இஎஸ்ஆர். இந்த வகைகளைத்தான் சேனல் என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முதலில் கண்ணில் படுவதை நிறுவிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தவறில்லை. பிரச்சினை வருவது பின்னால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைக்கும்போதுதான். ஸ்டேபிளில் இருந்த என் உலாவியை ஒருநாள் இஎஸ்ஆருக்கு மாற்றினேன். திறந்து பார்த்தால் புக்மார்க் இல்லை, சேமித்த கடவுச்சொல் இல்லை, எல்லாம் காலி. உண்மையில் எதுவும் அழியவில்லை என்று தெரிய அரை நாள் ஆனது. அந்த அரை நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: இப்போது எந்தச் சேனலில் இருக்கிறீர்கள்?

முகவரிப் பட்டையில் `about:support` என்று தட்டுங்கள். வரும் பக்கத்தில் Version, Update Channel என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவதில் `release` என்று இருந்தால் நீங்கள் ஸ்டேபிளில் இருக்கிறீர்கள். `beta`, `esr` என்பவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. லினக்ஸில் இருப்பவர்கள் டெர்மினலிலேயே பார்த்துக்கொள்ளலாம்:

```
firefox --version
```

டெபியனில் இயல்பாக வருவது இஎஸ்ஆர்தான். அங்கே கட்டளையின் பெயரும் `firefox-esr`. அதனால் டெபியன் பயன்படுத்துபவர்களில் பலர் தாங்களாகத் தேர்ந்தெடுக்காமலே இஎஸ்ஆரில் இருக்கிறார்கள்.

படி 2: எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் புரியும்.

ஸ்டேபிள் சேனலில் ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு புதிய எண் வரும்: 140, 141, 142, 143 என்று. ஒவ்வொன்றிலும் புதிய வசதிகளும் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்தே வரும். பீட்டா எப்போதும் ஓர் எண் முன்னால் நிற்கும். ஸ்டேபிள் 143 என்றால் பீட்டா 144. அதே 144 தான் 4 வாரம் சோதிக்கப்பட்டு அடுத்த ஸ்டேபிளாக வருகிறது. இடையில் பீட்டா பயனர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அப்டேட் வரும்.

இஎஸ்ஆர் வேறு கணக்கில் போகிறது. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்டேபிள் வரிசையில் ஓர் எண்ணை எடுத்து அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். 2012-இல் 10-ஆம் பதிப்போடு தொடங்கிய வழக்கம் இது. அண்மை ஆண்டுகளில் 115, 128, 140 ஆகியவை இஎஸ்ஆர் ஆகின. நிறுத்திய பிறகு வசதிகள் மாறாது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் மாதாமாதம் வரும், புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஏறும். ஆக, `140.3.0esr` என்று பார்த்தால் இப்படிப் படிக்கலாம்: வசதிகள் 140-இல் இருந்தபடியே இருக்கின்றன, திருத்தங்கள் மட்டும் 143 வெளியான நாள் வரைக்குமானவை. 140-உடன் 3-ஐக் கூட்டினால் 143. இந்தக் கூட்டல் தெரிந்தால் உங்கள் இஎஸ்ஆர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

இங்கே பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. இஎஸ்ஆர்தான் அதிகப் பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஸ்டேபிளில் சரிசெய்யப்படும் ஓட்டைகளில் தீவிரமானவைதாம் இஎஸ்ஆருக்கும் எடுத்துவரப்படும். சின்ன ஓட்டைகள் சில விடுபடலாம். புதிதாகச் சேரும் தற்காப்பு வசதிகள் அடுத்த இஎஸ்ஆர் வரும்வரை கிடைக்காது. இஎஸ்ஆர் தருவது மாறாமை. அது வேறு, பாதுகாப்பு வேறு.

படி 3: யாருக்கு எது?

வீட்டில் ஒரு கணினி, அதில் பல தளங்கள் என்று இருப்பவர்களுக்கு ஸ்டேபிள். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பீட்டா, இணையதளமோ நீட்சியோ உருவாக்குபவர்களுக்கு. அடுத்த மாதம் உங்கள் பயனர்களுக்கு என்ன போகப்போகிறது என்பதை இன்றே பார்த்துவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில வசதிகள் பீட்டாவின் முதல் பாதியில் மட்டும் இயக்கப்பட்டிருக்கும், பின்பாதியில் அணைக்கப்படும். அதனால் பீட்டாவில் பார்த்தது ஸ்டேபிளில் வந்தே தீரும் என்று நம்பி வேலையைத் திட்டமிடாதீர்கள். வங்கி வேலைக்கும் அன்றாட வேலைக்கும் உள்ள ஒரே உலாவியாகவும் பீட்டாவை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இஎஸ்ஆர் இரண்டு வகையினருக்கு. பல கணினிகளை ஒருவரே பராமரிக்கும் அலுவலகம் ஒன்று. பழைய இயங்குதளத்தை விட முடியாதவர்கள் இன்னொன்று. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஃபயர்பாக்ஸின் கடைசிப் பதிப்பு 115 இஎஸ்ஆர்தான். அதற்கான ஆதரவை வழக்கமான காலத்தைத் தாண்டியும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்தார்கள். ஆனால் அது கால அவகாசம் மட்டுமே, தீர்வல்ல. உலாவிக்குத் திருத்தம் வந்தாலும் கீழே இருக்கும் இயங்குதளத்துக்கு வருவதில்லையே.

ஓர் அலுவலகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 கணினிகள், எல்லாரும் நாள் முழுக்க ஒரே உள் வலைச்செயலியில் பில் போடுகிறார்கள். உலாவியில் ஒரு மாற்றம் வந்து அச்சுப் பக்கம் குலைந்தால் 12 பேரும் நிற்க வேண்டியதுதான். இங்கே 11 கணினிகளில் இஎஸ்ஆர், ஒன்றில் பீட்டா என்று வைப்பேன். அந்த ஒன்றில் இருப்பவர் வாரத்துக்கு ஒருமுறை பில் போட்டு, அச்சடித்துப் பார்த்தால் போதும். எதாவது குலைந்தால் மற்ற 11 பேருக்கு அது வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடும். செயலியை எழுதியவரிடம் சொல்லிச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பீட்டா வைக்காமல் 12-லும் இஎஸ்ஆர் போட்டுவிட்டால், ஓராண்டு மாற்றங்கள் மொத்தமாக ஒரே நாளில் வந்து இறங்கும்.

அப்படி இறங்கும்போதும் ஓர் இடைவெளி தருகிறார்கள். புதிய இஎஸ்ஆர் வந்த பிறகும் பழையதற்கு ஏறக்குறைய 3 மாதம் திருத்தங்கள் தொடரும். 140 இஎஸ்ஆர் 2025 ஜூனில் வந்தது. 128 இஎஸ்ஆர் 128.14 வரை போய்விட்டுத்தான் நின்றது. இந்த மூன்று மாதத்தில் ஒரு கணினியை மட்டும் புதியதுக்கு மாற்றிப் பார்ப்பதே சரியான வேலை.

படி 4: மாறும் முன் ப்ரொஃபைலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

உங்கள் புக்மார்க், கடவுச்சொல், வரலாறு, நீட்சிகள் எல்லாம் ப்ரொஃபைல் என்ற ஒரு கோப்புறையில் இருக்கின்றன. உலாவி நிரல் வேறு, இது வேறு. புதிய பதிப்பு பழைய ப்ரொஃபைலைத் திறந்தால் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பழைய பதிப்புக்கு அந்தப் புது வடிவம் புரியாது. எனவே எண் ஏறுவது எளிது, இறங்குவது கடினம். 143 ஸ்டேபிளில் இருந்து 140 இஎஸ்ஆருக்குப் போவது, பெயரளவில் சேனல் மாற்றமாக இருந்தாலும், உண்மையில் இறங்குவதுதான்.

2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸே இதைத் தடுக்கிறது. பழைய நிறுவலின் மேலேயே இஎஸ்ஆரை நிறுவினால் "You've launched an older version of Firefox" என்ற அறிவிப்பு வரும். புதிய ப்ரொஃபைல் உருவாக்கலாம் அல்லது வெளியேறலாம், அவ்வளவுதான். வேறு கோப்புறையில் நிறுவினால் அது தனக்கென ஒரு காலி ப்ரொஃபைலை எடுத்துக்கொள்ளும். எனக்கு நடந்தது இதுதான். பழைய ப்ரொஃபைல் பத்திரமாகப் பக்கத்திலேயே இருந்தது.

செய்ய வேண்டியது இது. `about:support` பக்கத்தில் Profile Folder வரியில் உள்ள பொத்தானை அழுத்தினால் கோப்புறை திறக்கும். உலாவியை முழுவதும் மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். மூடாமல் எடுத்த நகலை நம்ப முடியாது. அப்புறம், மொஸில்லா கணக்கில் உள்நுழைந்து ஒத்திசைவை இயக்கிவையுங்கள். புக்மார்க்கும் கடவுச்சொல்லும் பதிப்பு எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் புதிய ப்ரொஃபைலுக்கு வந்து சேரும். கணக்கு வேண்டாம் என்பவர்கள் `about:logins` பக்கத்திலிருந்து கடவுச்சொற்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் எழுத்தாகவே இருக்கும். வேலை முடிந்தவுடன் அழித்துவிடுங்கள்.

படி 5: நிறுவுங்கள்

விண்டோஸில் ஸ்டேபிள், பீட்டா, இஎஸ்ஆர் மூன்றும் இயல்பாக ஒரே கோப்புறையில்தான் போய் உட்காரும். ஒன்று மற்றொன்றை மாற்றிவிடும். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நிறுவும்போது Custom தேர்ந்தெடுத்து வேறு கோப்புறையைக் காட்டுங்கள். நிறுவிய பின் `about:profiles` பக்கத்துக்குப் போனால் எந்த ப்ரொஃபைல் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். காலியாகத் தெரிந்தால் பதறாமல் முதலில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

படி 6: இறங்காமலே மாறும் நாள்

எண் இறங்குவதுதான் சிக்கல் என்றால், எண்கள் சமமாகும் நாளில் மாறிவிட்டால் போயிற்று. ஸ்டேபிள் 140 வந்த அதே நாளில் 140 இஎஸ்ஆரும் வந்தது. அப்படிப்பட்ட நாளில் அதே கோப்புறையில் நிறுவி மாறினால் பழைய ப்ரொஃபைல் பெரும்பாலும் அப்படியே திறக்கும். எனவே அவசரம் இல்லாதவர்கள் அடுத்த இஎஸ்ஆர் எண் அறிவிக்கப்படும்வரை காத்திருக்கலாம்.

பீட்டாவிலிருந்து ஸ்டேபிளுக்கு இறங்கவும் இதே வழி உண்டு. அமைப்புகளில் Check for updates but let you choose to install them என்பதைத் தேர்ந்தெடுங்கள். பீட்டா 144-இன் கடைசி நாட்கள் வரை வந்த அப்டேட்டுகளை ஏற்றுக்கொண்டு, 145 என்று கேட்கும்போது மறுத்துவிடுங்கள். ஸ்டேபிள் 144 வெளியானவுடன் அதை அதே கோப்புறையில் நிறுவுங்கள். பிறகு தானியங்கி அப்டேட்டைத் திரும்ப இயக்க மறக்க வேண்டாம். மறந்தால் நீங்கள் எந்தச் சேனலில் இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து சேராது.

கடைசியாக `about:support` திறந்து Update Channel வரியைப் பாருங்கள். நீங்கள் நினைத்த பெயர் அங்கே இருந்தால் மாற்றம் முடிந்தது. நகல் எடுத்த கோப்புறையை மட்டும் ஓரிரு வாரம் அழிக்காமல் வைத்திருங்கள்.