நோட்ஸ் ஃபோல்டருக்கு அனுமதி கேட்கும் கடிதம் எங்கே சறுக்குகிறது

ஜனவரியில் நாலாவது செமஸ்டர் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனதும் என் மேசைக்கு இப்படி ஒரு கடிதம் வந்துவிடும். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன், கூடவே கிளாஸ் அட்வைசர் வேலையும் உண்டு. துறைத்தலைவருக்குப் போகிற மாணவர் கடிதம் எதுவானாலும் முதலில் என் கைக்கு வரும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்துக்குச் சுருக்கக் குறிப்புகள் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி ஒரே டிரைவ் ஃபோல்டரில் வைத்துக்கொள்கிறோம், துறை அனுமதிக்க வேண்டும் என்பார்கள். நான் பார்த்தவரை அந்த யோசனையில் குறை இருந்ததே இல்லை. ஆனாலும் பாதிக் கடிதங்கள் பதில் இல்லாமலே கோப்புக்குள் போய்விடுகின்றன. எழுதுகிற விதத்தில்தான் சிக்கல்.

பெரும்பாலான கடிதங்கள் முதல் பத்தியிலேயே வழுக்கிவிடும். ஏன் இந்த ஃபோல்டர் வேண்டும் என்று சொல்ல வந்த மாணவர், “வகுப்பில் பாடம் வேகமாகப் போவதால் பலருக்குப் புரிவதில்லை” என்று எழுதிவிடுகிறார். அவர் மனதில் குறை சொல்லும் எண்ணமே இருக்காது. ஆனால் படிப்பவர் துறைத்தலைவர். அந்த வரியைப் பார்த்ததும் அவருக்கு இது பாடம் எடுக்கும் ஆசிரியர் மேல் வந்த புகார். அப்புறம் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும், அவர் வருத்தப்படுவார், ஃபோல்டர் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காரணத்தை மாணவர்கள் பக்கமிருந்து சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். ஹாஸ்டல் மாணவர்கள் ராத்திரி ஒரே நோட்டைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிறார்கள். தினமும் வந்துபோகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் நோட்டுப் படங்கள் நாலு நாளில் மேலே போய்த் தொலைந்துவிடுகின்றன, எது சரியான பிரதி என்றும் தெரிவதில்லை. இதை அப்படியே எழுதினால் போதும். யாரையும் குறை சொல்லாமலே தேவை விளங்கிவிடும்.

அடுத்தது, முகவரிக்கும் விளிக்கும் நடுவில் இருக்க வேண்டிய ‘வழி’ என்ற வரி. இதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். கிளாஸ் அட்வைசர், பாட ஆசிரியர் இருவரின் கையெழுத்தும் இல்லாமல் நேரே துறைத்தலைவர் அறைக்குப் போகும் கடிதத்தைப் பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “சாருக்குத் தெரியுமா?” தெரியாது என்றால் கடிதம் திரும்பிவிடும். இந்த விஷயத்தில் பாட ஆசிரியரின் கையெழுத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. குறிப்புகளைச் சரிபார்க்கப்போவது அவர்தான். கடிதம் எழுதுவதற்கு முன்பே அவரைப் பார்த்து, “சார், யூனிட்டுக்கு ஒருமுறை நீங்கள் ஒரு பார்வை பார்த்துத் தர முடியுமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் சரி என்று சொன்னதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சரிபார்ப்பு என்ற இந்த இடத்தில்தான் நல்ல கடிதங்களும் கோட்டை விடுகின்றன. குறிப்புகளைப் படித்துவிட்டு வகுப்புக்கு வராமல் போய்விடுவார்களோ என்பதுதான் துறைத்தலைவரின் பயம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், ஒரு தவறு அறுபது பேரின் விடைத்தாளிலும் ஒரே மாதிரி வந்து நிற்பது. சுருக்கும்போது தவறு எப்படி நுழைகிறது என்பதை நான் ஒருமுறை கண்ணாலேயே பார்த்தேன்.

சிபியு ஷெட்யூலிங் பகுதியை ஒரு மாணவி அரைப் பக்கத்தில் அழகாகச் சுருக்கியிருந்தார். காத்திருப்பு நேரத்துக்கு அவர் எழுதியிருந்த சூத்திரம், முடிந்த நேரத்திலிருந்து பர்ஸ்ட் நேரத்தை, அதாவது அந்த பிராசஸுக்கு சிபியு தேவைப்படும் நேரத்தை, கழிக்க வேண்டும் என்பது. அவர் வகுப்பில் குறித்துக்கொண்ட கணக்கில் எல்லா பிராசஸும் 0ஆம் நேரத்தில் வந்தவை. அந்தக் கணக்குக்கு அது சரிதான். சுருக்கும்போது ‘எல்லாம் 0இல் வந்தால்’ என்ற நிபந்தனை உதிர்ந்து, சூத்திரம் மட்டும் மிஞ்சிவிட்டது.

இப்போது வேறொரு கணக்கைப் பாருங்கள். P1 வருவது 0இல், பர்ஸ்ட் 5. P2 வருவது 1இல், பர்ஸ்ட் 3. P3 வருவது 2இல், பர்ஸ்ட் 1. முதலில் வந்தவருக்கு முதல் சேவை என்ற முறையில் இவை 5, 8, 9 என்ற நேரங்களில் முடியும். முடிந்த நேரத்திலிருந்து வந்த நேரத்தையும் பர்ஸ்ட் நேரத்தையும் கழித்தால் காத்திருப்பு 0, 4, 6. சராசரி 3.33. அந்த அரைப் பக்கக் குறிப்பை நம்பிப் போட்டால் 0, 5, 8 என்று வரும், சராசரி 4.33. பார்ப்பதற்கு இரண்டும் நம்பும்படியான விடைகள்தான். போட்டவருக்குச் சந்தேகமே வராது. P2 வந்ததே 1ஆம் நேரத்தில்தான், 5ஆம் நேரத்தில் அதற்கு சிபியு கிடைத்துவிடுகிறது, அப்படியிருக்க எப்படி 5 அலகு காத்திருக்க முடியும் என்று ஒருவர் நிறுத்தி யோசித்தால்தான் பிடிபடும். குறிப்பை வாசித்துக்கொண்டு போகிறவர் நிறுத்தி யோசிப்பதில்லை. குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்தான் யோசிப்பார்.

அதனால் “குறிப்புகள் சரிபார்க்கப்படும்” என்று ஒரு வரி எழுதினால் போதாது. எப்படி என்று சொல்ல வேண்டும். எழுதியவர் அல்லாத இன்னொரு மாணவர், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாடப்புத்தகத்திலிருந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பார். பிறகு பாட ஆசிரியர் பார்ப்பார். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் எழுதியவர், போட்டுப் பார்த்தவர், தேதி மூன்றும் இருக்கும். பிறகு தவறு தெரிய வந்தால் பழைய கோப்பை எடுத்துவிட்டுத் திருத்தியதை வைப்பதோடு, என்ன மாறியது என்று ஃபோல்டரின் முதல் கோப்பில் ஒரு வரி எழுதப்படும். இந்தக் கடைசி ஏற்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே போனில் இறக்கி வைத்துக்கொண்டவருக்குத் திருத்தம் நடந்ததே தெரியாது.

ஃபோல்டர் யாருடையது என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். வழக்கமாக கிளாஸ் ரெப் தன் சொந்த ஜிமெயிலில் ஒன்றைத் திறந்து, வகுப்பு முழுவதற்கும் `Editor` கொடுத்துவிடுகிறார். `Editor` உரிமை உள்ள யாரும் கை தவறி ஒரு கோப்பை வெளியே நகர்த்திவிடலாம். அந்த ரெப் படிப்பை முடித்துப் போய்க் கணக்கை மூடினால் அவர் ஏற்றிய எல்லாமும் அதோடு போகும். கல்லூரி மின்னஞ்சலில் கூகுள் வசதி இருந்தால், துறையின் பெயரில் ஒரு `Shared drive` கேளுங்கள். அதில் இருக்கும் கோப்புகள் தனி ஆளுடையவை அல்ல, நிறுவனத்துடையவை. ஏற்றியவர் போனாலும் கோப்பு நிற்கும். நாலைந்து பேருக்கு மட்டும் ஏற்றும் உரிமை, மற்றவர்களுக்கு `Commenter` போதும். அப்போது சந்தேகத்தைக் கோப்பின் ஓரத்திலேயே எழுத முடியும்.

`Anyone with the link` வேண்டாம், கல்லூரி முகவரிகளுக்கு மட்டும் திறக்கட்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிரியரின் ஸ்லைடுகளையும் புத்தகத்தின் ஸ்கேன் பக்கங்களையும் யாராவது நல்லெண்ணத்தில் உள்ளே போட்டுவிடுவார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதற்கு விலக்கு தருகிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடத் தொகுப்புகளுக்கு அந்த விலக்கைப் பொருத்தியது. அதை நம்பி ஒரு அத்தியாயத்தையே ஊர் முழுக்கத் திறந்து வைக்க முடியாது. சொந்த நடையில் எழுதிய குறிப்புகள் மட்டும், ஸ்லைடுகள் எழுதியவரின் ஒப்புதலோடு மட்டும் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டால் துறைத்தலைவர் அதைக் கேட்கவே வேண்டியிருக்காது.

கடைசியாக, என்ன வேண்டும் என்று கேட்காமலே முடிகிற கடிதங்கள். “ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்றால் அவர் எதைச் செய்வார்? ஐந்து யூனிட்டுக்கும் ஒரே மூச்சில் அனுமதி கேட்பதும் பலிக்காது. மறுத்துவிட்டுப் போவதுதான் அவருக்குச் சுலபம்.

போன வருஷம் ஒரு மாணவர் இரண்டு முறை என்னிடம் வந்து திருத்தி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதியை அவர் அனுமதியோடு தருகிறேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது, விஷயம் இதுதான்:

“மதிப்பிற்குரிய அம்மா, எங்கள் வகுப்பில் தினமும் வெளியூரிலிருந்து வந்துபோகும் மாணவர்கள் ரயிலில் போனிலேயே படிக்க, ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தின் இரண்டாம் யூனிட்டுக்கு மட்டும் சுருக்கக் குறிப்புகள் தயாரிக்க விரும்புகிறோம். நான்கு பேர் எழுதுவோம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் கணக்குப் போட்டுச் சோதிப்பார். பாட ஆசிரியர் இறுதியாகப் பார்க்க ஒப்புக்கொண்டுள்ளார். புத்தகப் பக்கங்கள் எதுவும் சேர்க்கப்படாது. துறையின் பெயரில் ஒரு பகிர்வு டிரைவும், நான்கு பேருக்கு ஏற்றும் உரிமையும் வேண்டுகிறோம். இரண்டாவது இன்டர்னல் டெஸ்ட் முடிந்ததும், கண்டுபிடித்த தவறுகளின் பட்டியலோடு தங்களைச் சந்திக்கிறோம். தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தாங்கள் அப்போது முடிவு செய்யலாம். மாதிரிக்கு இரண்டு பக்கம் இணைத்துள்ளோம்.”

இணைத்த இரண்டு பக்கத்தில் ஒன்று ரவுண்ட் ராபின் ஷெட்யூலிங் கணக்கு. மேடம் கடிதத்தைப் படித்து முடித்ததும் பேனாவை எடுத்து அந்த மாதிரிக் கணக்கைத் தாளின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்தார். விடை ஒத்துப்போனது. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “அடுத்த பேட்ச்ல இதை யார் பார்த்துக்குவாங்க?” மாணவரிடம் அதற்குப் பதில் இல்லை. இந்த வருஷம் எழுதுகிறவர்கள் இரண்டாம் செமஸ்டரிலிருந்து இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்.