குறுந்தொகையை மெதுவாக வாசிப்பது எப்படி: ஐந்து அடிக்கு மூன்று நாள்

முதல் தடவை குறுந்தொகையைக் கையில் எடுத்தபோது பாட்டை ஒருமுறை ஓட்டிவிட்டு நேராக உரைக்குப் போய்விடுவேன். உரை சொல்லும் பொருள் கிடைத்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். நாற்பது பாட்டு தாண்டிய பிறகு யோசித்தால் ஒரு வரிகூட நினைவில் இல்லை. அதன் பிறகு பழகிக்கொண்ட முறை இது.

புத்தகம் உ.வே.சா. பதிப்பாக இருந்தால் நல்லது. மூலம் தனியாகவும் பதவுரை தனியாகவும் இருப்பதால் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றைப் படிக்கலாம். பாட்டும் பொருளும் ஒரே படத்தில் வரும் பகிர்வுகள் இதற்கு உதவாது, கண் தானாகப் பொருளுக்குப் போய்விடும். குறுந்தொகைப் பாட்டுகள் திணைவாரியாக அடுக்கப்படவில்லை. அதனால் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். நான் கபிலரின் 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

முதல் நாள் உரையையும், யார் யாரிடம் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பையும் ஒரு தாளால் மூடிவிடுங்கள். பாட்டை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் பென்சிலால் சொற்களைப் பிரியுங்கள்: தான் அது பொய்ப்பின், யான் எவன் செய்கோ. தெரியாத சொல்லுக்கு மட்டும் பதவுரையைத் திறக்கலாம். 'பசுங்கால்' என்பதில் மாடு இல்லை, பசுமை. 'ஞான்று' என்றால் பொழுது. அன்றைக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள்தான் நான் சிக்கிக்கொண்ட இடம். குருகு என்ற பறவை எதற்கு வந்தது, அது யாருக்கு உவமை என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டேன். அதற்கு ஒரே விடை இருக்கும், அது கிடைத்தால் பாட்டு முடிந்தது என்று நினைத்தேன். குருகை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் பார்த்தபோதுதான் பாட்டு திறந்தது. 'தான்' மூன்று முறை வருகிறது, மூன்றும் அவள் 'கள்வன்' என்று சொல்லும் காதலனைக் குறிப்பவை. 'யான்' ஒரே முறை, அதுவும் 'என்ன செய்வேன்' என்ற கேள்விக்குள். முதல் அடியில் 'யாரும் இல்லை' என்றவள், கடைசியில் 'குருகும் உண்டு' என்கிறாள். அந்த 'உம்' எவ்வளவு தயங்கி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு ஏதோ நினைவுக்கு வந்தது போல இருக்கிறது.

இப்படிக் கவனித்ததை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'இதன் பொருள்' என்று தொடங்கும் வாக்கியம் இன்றைக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள் கூற்றைத் திறக்கலாம். திருமணம் தள்ளிப்போகும்போது தலைவி தோழியிடம் சொல்வது. இப்போது குருகிடம் திரும்பினால் அது பல விதமாக நிற்கிறது. இருவரும் கூடிய பொழுது இருந்த ஒரே சாட்சியும் வாய் பேசாத பறவை. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, ஓடும் நீரில் வரும் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் இரையிலேயே கண்ணாக இருக்கும் அந்தப் பறவையில் அவனும் தெரிகிறான். எனக்குப் பிடித்தது இன்னொன்று: கால்கள் தினைத்தாள் போலச் சிறுத்துப் பசுமையாக இருந்தன என்று அவளுக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாளோ? பாட்டு அதைச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமில்லை.

இதற்குப் பிறகு விசேடவுரையைப் படியுங்கள். நீங்கள் கவனித்ததும் உரைகாரர் கவனித்ததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

பின்சேர்க்கை: "அப்படியானால் என்ன அர்த்தம் வேண்டுமானாலும் சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. எந்தச் சொல் அதைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். குருகு வரப்போகும் நல்ல செய்திக்கு அடையாளம் என்று ஒருவர் சொன்னால், இந்த ஐந்து அடியில் விரல் வைக்க இடமில்லை.

இன்னொருவர் 40ஆம் பாட்டில், 'யாயும் ஞாயும்' என்பதில் தொடங்கி நின்றுவிட்டாராம். கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்துப் பொருள் முன்பே மனதில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 25 முடிந்ததும் ஔவையாரின் 28, 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' சரியாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு பாட்டு என்றால் 401 பாட்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆகும். நான் இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன்.