ஜன்னலோரத் தக்காளி நாற்று நூல் மாதிரி நீண்டுவிட்டதா? சரிசெய்வது இப்படி

விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தக்காளி நாற்று பத்து சென்டிமீட்டர் உயரம் வந்துவிட்டது. ஆனால் தண்டு தையல் நூல் போல மெலிந்து, வெளிறி, கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. உச்சியில் விதையிலிருந்து முதலில் விரிந்த இரண்டு வித்திலை, நடுவில் பொடிசாக ஒரு நிஜ இலை. இது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடும் ஓட்டம். வெளிச்சம் போதாதபோது செடி இலைக்குச் செலவழிக்க வேண்டியதையெல்லாம் தண்டை நீட்டச் செலவழிக்கும். அறை வெக்கையாக இருந்தால் இன்னும் வேகமாக நீளும்.

முதலில் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடம் மட்டும் பழுப்பாகி, கிள்ளியதுபோல் ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிடுங்கள், கீழே சொல்லும் எதுவும் அதைக் காப்பாற்றாது. அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக மெலிந்திருந்தால் பிரச்சினை வெளிச்சம்தான்.

படி 1: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

நண்பகலில் ஜன்னல் கட்டையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் வெளிச்சம் ஓரளவு போதும். மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தால் போதாது. சன்ஷேடு, கொசுவலை, எதிர்வீட்டுச் சுவர் மூன்றும் சேர்ந்தால் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் ஜன்னல்கூட நாற்றுக்கு இருட்டறைதான்.

வேறு ஜன்னல் இல்லையென்றால் 20 வாட் எல்இடி டியூப்லைட் ஒன்று போதும். 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும் வெள்ளை விளக்கை வாங்குங்கள். இலை நுனிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே அதைக் கட்டித் தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்த வேண்டும். இரவில் அணைத்துவிடலாம். மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள்தான் ஆகும். கூரையில் ஏற்கெனவே எரியும் டியூப்லைட்டை நம்பாதீர்கள், அவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் அதில் ஒன்றும் மிஞ்சாது.

படி 2: வித்திலை வரை புதையுங்கள்

நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. ஆனால் தக்காளிக்கு ஒரு வசதி உண்டு: மண்ணுக்குள் போகும் தண்டெல்லாம் வேர்விடும். அதனால் அந்த நீளத்தை மண்ணுக்குள் அனுப்பிவிடலாம்.

டீ கப் இதற்கு ஆழம் பத்தாது. அரை லிட்டர் பால் கவரின் மேல் ஓரத்தை வெட்டி, கழுவி, அடியில் மூன்று நான்கு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு ஊறிய தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து அடியில் மூன்று விரற்கடை உயரத்துக்கு நிரப்புங்கள். நாற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் விட்டிருந்தால் வேர் மண்ணோடு பெயர்ந்து வரும். தூக்கும்போது வித்திலையைப் பிடியுங்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். வேரை வைத்து, வித்திலைக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை கலவையைத் தூவி நிரப்புங்கள். உயரம் அப்போதும் மிஞ்சினால் தண்டைச் சாய்த்துப் படுக்கவையுங்கள், நேராக்க வேண்டாம். அமுக்காமல், மெதுவாகத் தண்ணீர் விட்டால் கலவை தானே படியும்.

இதைச் சாயங்காலத்தில் செய்யுங்கள். மறுநாள் சற்றுத் துவண்டு நிற்கலாம், அதற்காக மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். புதைந்த தண்டு சதசதப்பில் வேர்விடுவதற்குப் பதில் அழுகிவிடும். மேல் கலவை வெளிறிக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

கத்தரி, மிளகாய் தண்டில் இப்படித் தாராளமாக வேர் வராது. ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் மண் அணைத்து, ஈர்க்குச்சி ஒன்றை முட்டுக் கொடுங்கள். வெண்டை, சுரை, பீர்க்கு, கீரை நீண்டுவிட்டால் மல்லுக்கட்டாமல் மறுபடி விதைப்பதே மேல்.

படி 3: அசைவு

மூன்று நாள் கழித்து, காலையும் மாலையும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையைப் பத்துமுறை லேசாகத் தடவுங்கள். அல்லது இலை சிலுசிலுக்கும் அளவுக்கு மின்விசிறியை ஒரு மணி நேரம் வையுங்கள். காற்றில் ஆடும் தண்டுதான் தடிக்கும்.

படி 4: வெயிலுக்குப் பழக்குங்கள்

பல நாற்றுகள் செத்துப்போவது இங்கேதான். "வெளிச்சம்தானே குறை" என்று நேரே மொட்டை மாடி வெயிலில் வைத்தால், மாலைக்குள் இலையில் காகிதம் போல வெள்ளைத் திட்டு விழும். முதல் நாள் காலை ஏழு மணி வெயிலில் ஒரு மணி நேரம் மட்டும். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, பதினொரு மணியோடு நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் பதினொரு மணிக்கு மேல் வெயில் படவே கூடாது.

இந்த நாட்களில் உரம் கொடுக்காதீர்கள். வெளிச்சம் குறைந்த நாற்றுக்குத் தழைச்சத்து கொடுத்தால் தண்டு இன்னும் நீளும்.

பத்து நாளில் புது இலைகளைப் பாருங்கள். ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைவெளி குறைந்து, நிறம் கரும்பச்சையாக மாறியிருந்தால் சரியாகிவிட்டது. இடைவெளி அப்படியே இருந்தால் விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

அடுத்தமுறை விதைத் தட்டை மூடி வைத்தால், முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்து விளக்கடியில் வையுங்கள். மீதி விதையும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் இருட்டில் விட்டால், முந்தி முளைத்தவை அதற்குள் நீண்டிருக்கும்.